சீனி குடிக்கும் நுளம்பும் நஞ்சு கலந்த விருந்தும்

நுளம்பு என்றதும் இரத்தம் குடிக்கும் பூச்சி என்பதே நமது நினைவுக்கு வருகிறது. ஆனால் நுளம்பின் அன்றாட உணவு சீனிதான். ஆண் நுளம்பு தன் வாழ்நாளில் ஒரு துளி இரத்தமும் குடிப்பதில்லை. பெண் நுளம்பு இரத்தத்தைத் தேடி வருவது முட்டைகளை வளர்ப்பதற்காக. பறப்பதற்கும் உயிர் தரித்திருப்பதற்கும் வேண்டிய வலுவை இரண்டுமே பூந்தேனிலிருந்தும், கனிந்து வெடித்த பழங்களிலிருந்தும், செடிப்பேன்கள் கழிக்கும் இனிப்பு நீரிலிருந்தும் பெறுகின்றன. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த நுளம்பு பெரும்பாலும் முதலில் நாடிச் செல்வது ஒரு பூவை அல்லது பழத்தையே. அதன் உடலும் இந்த இரு உணவுகளுக்கும் இரு வேறு இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. இரத்தம் நேரே நடுக்குடலுக்குச் செல்கிறது. சீனிப்பாகு தனியான ஒரு பையில் சேர்ந்து, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் இறங்குகிறது.

இந்தச் சீனிப் பழக்கத்தையே நுளம்பின் பலவீனமாகக் கொண்டு அதைக் கொல்லலாம் என்ற எண்ணத்தின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'கவர்ச்சி நச்சுச் சீனி இரை' எனலாம். பாலைவனச் சோலையொன்றில் நுளம்பை ஏறத்தாழ இல்லாமற் செய்த ஒரு முறை, ஆபிரிக்கக் கிராமங்களில் பிள்ளைகளின் காய்ச்சலைக் குறைக்கத் தவறியது ஏன் என்பதை அறிவதற்காகவே இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

மறக்கப்பட்ட ஒரு தொடக்கம்

நுளம்புகள் பூக்களில் அமர்வதை இயற்கை ஆர்வலர்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்துள்ளனர். ஆனால் வயலில் பிடித்த ஒரு நுளம்பு அண்மையில் சீனி குடித்ததா இல்லையா என்பதை எப்படி அறிவது? இதற்கு எளிய வழி ஒன்றை அறுபதுகளில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வீரோ பீச் நகரில் பணியாற்றிய எமில் வான் ஹாண்டல் என்ற உயிர் இரசாயனவியலாளர் வகுத்தார். தாவரங்களின் இனிப்பில் பிரக்டோஸ் எனும் பழச்சீனி உண்டு. நுளம்பின் உடல் தன் தேவைக்கென ஆக்கிக்கொள்ளும் சீனி வேறு வகையானது. அந்திரோன் எனும் இரசாயனத்தைச் சூடாக்காமல் நசுக்கிய நுளம்பின் மேல் விட்டால், பழச்சீனி இருக்கும்போது மட்டும் அது பச்சை கலந்த நீல நிறமாக மாறும். மற்றச் சீனிகள் நிறம் மாறுவதற்குச் சூடு வேண்டும். ஆகவே நிறம் மாறிய நுளம்பு ஒரு தாவரத்தில் வாய் வைத்த நுளம்பு என்று உறுதியாகச் சொல்லலாம். பல நாடுகளின் வயல்களிலும் காடுகளிலும் பிடித்த நுளம்புகளை இவ்வாறு பரிசோதித்த பின்னரே, சீனி குடிப்பது எப்போதாவது நிகழும் செயலன்று, அது அவற்றின் வழமை என்பது தெளிவாயிற்று.

அதே புளோரிடாவில் 1965ஆம் ஆண்டு ஆர்டன் லீ என்ற பூச்சியியலாளர் சீனிப்பாகில் பூச்சிநாசினி கலந்து நுளம்புகளுக்கு வைத்த பரிசோதனையை வெளியிட்டார். எண்ணம் அங்கே முழுமையாக இருந்தது. ஆனால் அது தொடரப்படவில்லை. காரணத்தைக் காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 1955இல் மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடக்கியிருந்தது. அதன் ஆயுதம் வீட்டுச் சுவர்களில் தெளிக்கும் டீ.டீ.ரீ. இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் ஓய்வெடுக்கும் நுளம்பின் கால்கள் வழியாக நஞ்சு ஏறும். கால் வழியே கொல்ல முடியுமானால் வாய் வழியே கொல்வதற்கு ஏன் சிரமப்பட வேண்டும் என்பதே அக்காலத்து மனநிலை.

அந்த மனநிலை மாறுவதற்கு இரண்டு விடயங்கள் நிகழவேண்டியிருந்தன. ஒன்று, சுவரில் தெளித்த நஞ்சுக்கும் பின்னர் வலைகளில் தோய்த்த நஞ்சுக்கும் நுளம்புகள் பழகிப்போயின. மற்றது, வீட்டுக்குள் வராமலே வெளியில் கடித்து வெளியிலேயே தங்கும் நுளம்புகளைச் சுவரும் வலையும் தொடவேயில்லை என்பது உணரப்பட்டது.

பாலைவனத்தில் ஒரு கருவேல மரம்

சீனி இரையின் இரண்டாவது பிறப்பு இஸ்ரேலின் தென்பகுதிப் பாலைநிலத்தில் நிகழ்ந்தது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குந்தர் முல்லர், யோசெப் ஷ்லைன் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதன் பிறப்புச் சான்றிதழ் எனலாம்.

அவர்கள் தேர்ந்தெடுத்தவை சிறிய பாலைவனச் சோலைகள். சுற்றிலும் மணல். நடுவே நீரும் சில மரங்களும். பூத்து நின்றவை பாலைநிலக் கருவேல மரங்கள். சோலையில் வாழும் நுளம்புகளுக்குச் சீனி வேண்டுமானால் அந்த மரங்களை விட்டால் வேறு போக்கிடம் அரிது. ஆய்வாளர்கள் ஒரு சோலையில் பூத்த மரங்களின் மேல் சீனிக் கரைசலுடன் உணவுக்கு இடும் சாயத்தையும் ஸ்பினோசாட் என்ற பூச்சிநாசினியையும் கலந்து தெளித்தார்கள். ஒப்பிடுவதற்கென வைத்த சோலையில் நஞ்சின்றிச் சீனியும் சாயமும் மட்டும் தெளிக்கப்பட்டன. நுளம்பின் வயிறு மெல்லிய தோலுடையது. சாயம் கலந்த பாகைக் குடித்தால் அது வெளியே தெரியும். இதனால் எத்தனை நுளம்புகள் இரையைத் தொட்டன என்பதைப் பிடித்து எண்ணிப் பார்க்கலாம்.

நஞ்சு தெளித்த சோலையில், அப்பகுதியின் மலேரியா நுளம்பான அனோபிலிஸ் செர்ஜென்ரி ஏறத்தாழ இல்லாமற் போயிற்று. வீடுகளில் மருந்தடிக்கவில்லை, நீர்நிலையில் எண்ணெய் ஊற்றவில்லை. சில மரங்களில் தெளித்த இனிப்பு அதைச் செய்தது.

இங்கே வாசகர்கள் ஒரு விடயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். அந்த வெற்றி நஞ்சின் வலிமையால் மட்டும் வந்ததன்று. பசித்த நுளம்புக்கு வேறு கடை இல்லாத ஊரில் இவர்கள் கடை திறந்தார்கள். பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

கொய்யாப் பழமும் கரம் பலகைத் தூளும்

அடுத்த களம் மேற்கு ஆபிரிக்க நாடான மாலி. அங்குள்ள பண்டியாகரா மாவட்டம் வரண்ட பூமி. முதலில் உள்ளூர்ப் பழங்களையும் பூக்களையும் ஒவ்வொன்றாக வைத்து, மலேரியா நுளம்பு எதை விரும்பி வருகிறது என்று பார்த்தார்கள். பழங்களுள் கொய்யாவும் ஒருவகை மெலன் பழமும் முன்னின்றன. அவற்றின் சாற்றில் சீனியும் சாயமும் சேர்த்து, நஞ்சாகப் போரிக் அமிலத்தைக் கலந்தார்கள். இது நம்மவர்களுக்குப் புதிய பொருளன்று. கரம் பலகையில் காய் வழுக்குவதற்குத் தூவும் வெண்தூளும், கரப்பான் பூச்சிக்குச் சீனியுடன் பிசைந்து வைக்கும் மருந்தும் இதுவே. தோலில் பட்டால் நுளம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. குடித்தால்தான் சாகும். சுவரில் தெளிக்கும் நஞ்சுக்குப் பழகிவிட்ட நுளம்பும் இதற்குப் பழகியிருக்கவில்லை.

கிராமங்களை இணைக்கும் வீதியொன்றின் ஓரமாக மனிதர் வெட்டிய குளங்கள் இருந்தன. நுளம்பு அவற்றில்தான் பெருகிற்று. சோதனை 38 நாட்கள் நடந்தது. முதல் வாரம் ஒளிப்பொறிகளை வைத்து நுளம்புகளை எண்ணினார்கள். எட்டாம் நாள் கையால் இயக்கும் தெளிகருவியால் செடி கொடிகளின் மேல் ஒருமுறை தெளித்தார்கள். ஓரிடத்தில் நஞ்சு கலந்த சாறு, மற்ற இடத்தில் நஞ்சில்லாச் சாறு. 2010இல் வெளிவந்த முடிவின்படி, நஞ்சு தெளித்த இடத்தில் ஆண், பெண் நுளம்புகள் இரண்டும் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்து, குறைந்தபடியே நின்றன. நஞ்சில்லாச் சாறு தெளித்த இடத்தில் பிடிபட்டவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றின் வயிற்றில் சாயம் இருந்தது.

எண்ணிக்கையை விட முக்கியமானது வயது. பெண் நுளம்பின் சூலகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் அது எத்தனை முறை முட்டையிட்டது என்று கணிக்கலாம். மூன்று முறையோ அதற்கு மேலோ முட்டையிட்ட கிழட்டு நுளம்புகள் தெளிப்பதற்கு முன்னர் 37 சதவீதம். பின்னர் 6 சதவீதம்.

வயதுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? மலேரியாக் கிருமியை ஒருவரின் இரத்தத்துடன் உறிஞ்சிய நுளம்பு மறுநாளே அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியாது. கிருமி நுளம்பின் உடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய, வெப்பமான காலநிலையிலும் பத்து நாட்கள் அளவில் வேண்டும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிருமி ஏறிய நுளம்புகள் நூறு இருக்கின்றன என்றும், இயற்கையாகவே நாளொன்றுக்குப் பத்தில் ஒன்று இறக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பத்தாம் நாள் மிஞ்சுவன 35. இப்போது, உயிருடன் எஞ்சியவற்றில் நாள்தோறும் நூற்றுக்கு ஐந்து நச்சுச் சீனியைக் குடித்து இறக்கின்றன என்றால் மிஞ்சுவன 21. நூற்றுக்கு இருபது குடித்தால் நான்கும் மிஞ்சாது. ஆனால் நூற்றுக்கு இரண்டு மட்டுமே குடித்தால் 28 எஞ்சிவிடும். நாள்தோறும் எத்தனை பங்கு நுளம்புகள் இரையைத் தொடுகின்றன என்ற அந்த ஒற்றை எண்ணிலேயே இந்த முறையின் வாழ்வும் தாழ்வும் தங்கியுள்ளன.

மாலியில் நடந்த இன்னொரு சோதனை இதையே மறுபுறமிருந்து காட்டிற்று. நம்மவர் சீமைக் கருவேலம் என்றழைக்கும் மரம் அங்கும் பரவியிருக்கிறது. இராமநாதபுரத்துக் கரிசல் நிலங்களையும் இலங்கையின் பூந்தல சரணாலயத்தையும் ஆக்கிரமித்திருக்கும் அதே மரம். வரட்சியிலும் பூப்பது அதன் இயல்பு. அது வளர்ந்த ஆறு கிராமங்களில் மூன்றைத் தேர்ந்து, பூத்த கிளைகளை மட்டும் வெட்டி அகற்றினார்கள். நஞ்சு எதுவும் பயன்படுத்தவில்லை. பொறிகளில் விழும் நுளம்புகள் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தன. வயது முதிர்ந்த நுளம்புகளும் குறைந்தன. 2017இல் இந்த முடிவு வெளிவந்தது. சீனி தாராளமாகக் கிடைக்கும் ஊரில் நுளம்பு நீண்டநாள் வாழ்கிறது. கிருமியைச் சுமந்து முதிர்கிறது.

செடியிலிருந்து சுவருக்கு

செடிகளில் தெளிப்பது சிறு சோதனைக்கு ஏற்றது. நாடு முழுவதற்கும் ஏற்றதன்று. மழை கழுவிவிடும். அதைவிடப் பெரிய இடர், பூவுக்கு வருவது நுளம்பு மட்டுமன்று. தேனீயும் வண்ணாத்திப்பூச்சியும் அதே இனிப்பைத்தான் தேடுகின்றன. நுளம்பைக் கொல்லப்போய் மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகளை அழித்தால் விவசாயி கேட்கும் கேள்விக்கு எவரிடமும் பதில் இராது.

இதற்கு விடையாக இஸ்ரேலிய நிறுவனமான வெஸ்ற்ஹாம் ஒரு பலகையை உருவாக்கிற்று. ஏறத்தாழ ஒரு பக்கத் தாளின் அளவு. கரு நிறம். உள்ளே சிறு அறைகளில் பேரீச்சம் பழப் பாகும் டினோட்டிஃபுரான் என்ற பூச்சிநாசினியும். மேலே மெல்லிய சவ்வு. நுளம்பின் ஊசிமுனை சவ்வைத் துளைத்துப் பாகை உறிஞ்சும். அதைத் துளைக்கும் உறுப்பு தேனீக்கு இல்லை. சிறுவர் எவராவது நாக்கில் வைத்தால் துப்பிவிடுவதற்காகக் கடும் கசப்புப் பொருளொன்றும் சேர்க்கப்பட்டது. இந்தப் பலகைகள் இரண்டை வீட்டின் வெளிச்சுவரில் ஆளுயரத்தில் மாட்டினால் ஆறு மாதத்துக்குப் போதும் என்பது திட்டம்.

பலகை வந்தபோது பெயரும் மாறியது. 'நச்சு' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இலக்கு வைத்த' என்று போட்டார்கள். ஆங்கிலச் சுருக்கெழுத்து மாறவில்லை, ஏனெனில் இரண்டு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. பல தசாப்தங்களாகத் தலைப்புகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் இந்தச் சாமர்த்தியத்தை இரசித்தேன். வீட்டுச் சுவரில் நச்சு என்று எழுதிய பலகையை மாட்டச் சொன்னால் எந்தத் தாய் சம்மதிப்பாள்?

2016, 2017ஆம் ஆண்டுகளில் மாலியின் 14 கிராமங்களில் இப்பலகை முறை சோதிக்கப்பட்டது. ஏழில் பலகை, ஏழில் இல்லை. பலகை மாட்டிய ஊர்களில் நுளம்புகள் உச்சம் பெறும் மாதத்தில் பெண் நுளம்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. கிருமி சுமந்த நுளம்புகள் இன்னும் அதிகமாகக் குறைந்தன. இனிச் செய்யவேண்டியது ஒன்றுதான் என்று எல்லோரும் எண்ணினர். பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சலை எண்ணுவது.

சாம்பியாவில் வந்த விடை

அந்தப் பெரும் சோதனை சாம்பியா, கென்யா, மாலி ஆகிய மூன்று நாடுகளில் நடத்தப்பட்டது. சாம்பியாவை எடுத்துக்கொள்வோம். நாட்டின் மேற்கு மாகாணத்தில் 70 ஊர்த்தொகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சீட்டுக் குலுக்குவது போலப் பாதிக்குப் பலகைகள், பாதிக்கு இல்லை. நுளம்புவலையும் சுவர்த் தெளிப்பும் வழமைபோல எல்லா ஊர்களிலும் தொடர்ந்தன. ஏனெனில் உள்ள பாதுகாப்பைப் பறித்துவிட்டுப் புதியதைச் சோதிப்பது அறமாகாது. 2021இன் இறுதியிலிருந்து 2023இன் நடுப்பகுதி வரை இரண்டு மழைக்காலங்கள், ஒரு வயது முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளைப் பின்தொடர்ந்து யாருக்கு மலேரியா வந்தது என்று பதிந்தார்கள்.

பலகை மாட்டிய ஊர்களில் மலேரியா குறைந்த அளவு ஏறத்தாழ 9 சதவீதம். தற்செயலாலும் அப்படியொரு வித்தியாசம் வரலாம் என்பதால் அதைப் பலன் என்று கொள்ள முடியாது. புள்ளிவிபரம் அனுமதிக்கும் எல்லைக்குள், நோய் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கவும் கூடும், சற்றுக் கூடியிருக்கவும் கூடும். கென்யாவின் சியாயா மாவட்டத்திலும் நோய் குறைந்தது என்று சொல்லத்தக்க விடை கிடைக்கவில்லை.

என்ன பிழைத்தது? பலகைகள் பழுதாயின என்பது ஒரு பகுதி. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தது. சவ்வு கிழிந்து பாகு கசிந்தது. ஆனால் இதைக் கண்காணிக்க ஆட்கள் வீடு வீடாகச் சென்றார்கள். பழுதானவற்றைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார்கள். ஆகவே முழுப் பழியையும் பலகை மேல் போட முடியாது.

நான் வாசித்தவற்றிலிருந்து எனக்குத் தோன்றுவது, மேலே போட்ட கணக்கிலேயே விடை இருக்கிறது என்பதே. பாலைவனச் சோலையில் கருவேலம் பூத்தால் அதுவே ஊருக்கு ஒரே தேன். பண்டியாகராவிலும் வரட்சி ஆய்வாளரின் பக்கம் நின்றது. சாம்பியாவில் சோதனை நடந்ததோ மழைக்காலத்தில். மலேரியா பரவுவது அப்போதுதான். புல்லும் புதரும் பயிரும் பூத்துக் குலுங்குவதும் அப்போதுதான். நுளம்பு ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் இலவசக் கடைகள் திறந்திருக்கும் வேளையில், சுவரில் தொங்கும் இரண்டு பலகைகளைத் தேடி வருபவை எத்தனை? அந்த மாகாணத்தின் முக்கிய நுளம்பான அனோபிலிஸ் பியூனெஸ்ரஸ் மனித வாசனையைப் பின்பற்றி வீட்டுக்கு வருவது இரத்தத்துக்காக. வாசலிலுள்ள இனிப்பு அதன் அப்போதைய தேவையன்று. அத்துடன், எல்லா ஊர்களிலும் இருந்த வலையும் சுவர்த் தெளிப்பும் ஏற்கெனவே பல நுளம்புகளைக் கொன்றுகொண்டிருந்தன. எஞ்சியவற்றில் பலகை தனியாகக் கொன்றவை என்று எண்ணத்தக்கவை இன்னும் குறைந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 2006 முதல் 2017 வரை வந்த நல்ல செய்திகள் யாவும் நுளம்புகளை எண்ணியவை. பொறியில் பாதி குறைந்தால் காய்ச்சலும் பாதி குறையும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மலேரியா மிகுந்த ஊரில் ஒரு பிள்ளை மழைக்காலத்தில் நோய்க்கிருமி சுமந்த கடியைப் பலமுறை பெறுகிறது. நோய் வருவதற்கு ஒரு கடி போதும். பத்துக் கடி ஐந்தாகக் குறைவது பூச்சியியலாளருக்கு வெற்றி. அந்தப் பிள்ளைக்கு அதனால் பெரிய மாற்றமில்லை.

இன்றைய நிலையில் மலேரியாவுக்கு எதிராக வீடுதோறும் மாட்டுமாறு உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரையை இந்தப் பலகை பெறவில்லை. எண்ணம் செத்துவிட்டது என்று சொல்வதற்கும் இல்லை. நுளம்பு சீனி குடிப்பது உண்மை; நஞ்சு கலந்த சீனியைக் குடித்தால் சாவதும் உண்மை. இயற்கையின் விருந்தைவிடக் கூடுதலாகக் கவரும் மணமொன்றைக் கண்டால், அல்லது பூக்கள் அருகிய வரண்ட இடத்தையும் பருவத்தையும் தேர்ந்து வைத்தால், அந்த ஒற்றை எண் உயரக்கூடும்.

ஆகவே, சீனி வைத்து நுளம்பை ஒழிக்கலாம் என்ற செய்தியை இனி எங்கேனும் காண்பவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த ஊரில் அப்போது வேறு என்ன பூத்திருந்தது? அங்கே எண்ணப்பட்டவை நுளம்புகளா, காய்ச்சலில் விழுந்த பிள்ளைகளா?